டீச்சர் பேசிய ஏழு நிமிஷம்

பள்ளிக்கூடம் திறந்து பத்துப் பதினைந்து நாளில், 'பெற்றோர் கூட்டம், தவறாமல் வரவும்' என்று பிள்ளையின் நோட்டில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வரும், இல்லையா? அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட நல்ல புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடுவோம். அங்கே புது டீச்சர் எழுந்து நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்வார். இந்தப் படிப்பு, அந்தப் படிப்பு, இத்தனை வருஷ அனுபவம், ஒழுங்கு, ஒத்துழைப்பு... வீட்டுக்கு வந்ததும் "என்ன சொன்னாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "நல்லாத்தான் பேசினாங்க" என்பதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வராது.

இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதில் பதினைந்து வருஷம் இந்தக் கூட்டங்களுக்குப் போய் வந்தவள் நான். அத்தனை அறிமுகங்களில் இன்றைக்கும் மனதில் நிற்பது ஒன்றே ஒன்று. பெரியவன் இரண்டாம் வகுப்புப் படித்தபோது வந்த டீச்சர், "பென்சிலைத் தொலைச்சுட்டு வந்தா வீட்டில் அடிக்காதீங்க. என் மேஜையில் ஒரு டப்பா நிறையத் துண்டுப் பென்சில் வச்சிருக்கேன்" என்றார். அவர் என்ன படித்திருந்தார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஆனால் பிள்ளையை நம்பி விட்டுவிட்டு வரலாம் என்பது அந்த ஒரு டப்பாவிலேயே தெரிந்து போயிற்று.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் தங்கை மகள் இப்போது டீச்சர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மொத்தமே இரண்டு பேர்தான் ஆசிரியர்கள். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் சேர்ந்து ஒரே அறையில் இவளுக்கு. 2023 ஜூனில் பள்ளி திறந்த கையோடு பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன் சனிக்கிழமை, பேச வேண்டியதை நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "பெரியம்மா, நீங்க எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கீங்க! ஒரு அம்மாவாக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டேன். முதல் பக்கம் முழுக்கப் பட்டங்கள். இரண்டாம் பக்கத்தில் 'கற்றல் விளைவுகள்', 'மாணவர் மையக் கற்றல்'. மூன்றாம் பக்கத்தில் பெற்றோர் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. கடைசியில், 'என்னை எப்போது வேண்டுமானாலும் தொடர்பு கொள்ளலாம்'.

"ஏண்டி, உன் எதிரில் யார் உட்காரப் போறாங்க, அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்னாள். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்க, பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி. லோடு வண்டி ஓட்டும் ஒரு அப்பா. இவர்களில் நாலைந்து பேருக்குப் படிக்கவே வராது. "அப்படின்னா உன் பேச்சில் பாதி அவங்களுக்குப் புரியாது. மீதிப் பாதி அவங்களுக்குத் தேவைப்படாது" என்றேன். முகம் வாடிவிட்டது. சுட்ட முறுக்கு ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன்.

பிறகு அவளையே கேட்டேன்: "இந்தப் பதினைஞ்சு நாளில் அந்தத் தாய்மார் உன்கிட்ட வாசலில் நின்னு என்ன கேட்டாங்க?" இரண்டு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்ததாம். ஒன்று, "என்ன டீச்சர், பதினைஞ்சு நாளாச்சு, பிள்ளைக்கு அ, ஆ கூட எழுதத் தெரியலையே?" என்பது. இன்னொன்றை ஒரே ஒரு தாய்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் அதுதான் இவள் தூக்கத்தைக் கெடுத்தது. "என் பையன் மூணாவது. அவனை எதுக்கு ஒண்ணாங் கிளாஸ் பசங்களோட 'அரும்பு'ன்னு உட்கார வச்சிருக்கீங்க? டி.சி. கொடுங்க, வேற ஸ்கூல்ல சேர்க்கிறோம்."

"அறிமுகம்னா இந்த இரண்டுக்கும் பதில்தாண்டி. மத்ததெல்லாம் தாம்பூலம் மாதிரி, கொஞ்சம் இருந்தால் போதும்" என்றேன்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நாமெல்லாம் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத்தான் படித்தோம். இவள் சொல்லிக் கொடுக்கும் முறையில் முதலில் வருவது ட, ப, ம. காரணத்தை அவள் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் விரலுக்கு 'அ' ரொம்பக் கஷ்டம். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வருகிறது. 'இ'யைக் கேட்கவே வேண்டாம். 'ட' அப்படியில்லை, மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அந்த 'ட'வின் வலது ஓரத்தில் இன்னொரு கோட்டை மேலே தூக்கினால் 'ப'. அதிலேயே கொஞ்சம் வளைத்தால் 'ம'. இந்த மூன்றும் வந்துவிட்டால் மேலே ஒரு புள்ளி வைக்கக் கற்றுக் கொடுத்ததும் குழந்தை 'படம்' என்று ஒரு முழுச் சொல்லை எழுதிவிடும். அப்புறம் பட்டம், மடம், மட்டம். ஒரு 'ய' சேர்ந்தால் பயம். அ, ஆ, இ மூன்றைப் படித்த குழந்தைக்கு எழுத இத்தனை சொல் கிடைக்காது.

காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? நோட்டைத் திறந்தால் அ, ஆ இல்லை. உடனே 'அங்கே ஒண்ணும் சொல்லித் தரலை' என்று தோன்றத்தான் செய்யும். ராத்திரி பிள்ளையை உட்கார வைத்து அ, ஆவைக் கையைப் பிடித்து எழுத வைப்பாள். பிள்ளை இரண்டு பக்கமும் இழுபட்டு அழும். ஆகவே நோட்டில் என்ன வரும், எது கொஞ்ச நாளைக்கு வராது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் நுணுக்கமானது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பு விட்டுப் போனதல்லவா, அதற்காகத் தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை, அவர்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்று சோதித்துப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டாவது, மலர் மூன்றாவது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது படிக்கும் பிள்ளையின் தாய்க்கு 'அரும்பு' என்று கேட்டால், என் பிள்ளையை மக்கு என்று ஓரம் கட்டிவிட்டார்கள் என்றுதானே காதில் விழும்?

"அந்தப் பையன் எந்த வருஷம் ஒண்ணாவது சேர்ந்தான்?" என்று கேட்டேன். 2021 ஜூனில். விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அந்த வருஷம் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் நேரில் தொடங்கியதே நவம்பர் 1-ஆம் தேதி. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில்தான் திறந்தார்கள். ஆக, ஒன்றாம் வகுப்பு என்று பெயர்தானே தவிர, அந்தப் பிள்ளை பள்ளியில் உட்கார்ந்தது பாதி வருஷம் கூடச் சரியாக இருக்காது. வீட்டில் அந்தச் சமயம் ஸ்மார்ட் போனும் இல்லை. எழுத்து எப்படித் தங்கும்? இது பிள்ளையின் குற்றமும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை. "இதை நீ சொல்லணும். ஆனா அவங்க பையனைக் காட்டிச் சொல்லக் கூடாது. மூணாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்குமாச் சொல்லு. அந்தம்மா தானாப் புரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

பட்டங்களை என்ன செய்வது? ஒரே வரியாக்கினோம். ஆசிரியர் பயிற்சி முடித்தேன், தகுதித் தேர்வு எழுதி வந்தேன், இவ்வளவு போதும். அதற்குப் பதில் வேறொன்றைச் சேர்க்கச் சொன்னேன். இவள் ஒன்றாவதில் மூன்று மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். எங்கள் குடும்பத்துக்கே தெரிந்த கதை. "அதைப் போய்ச் சொல்றதா? மதிப்பாங்களா பெரியம்மா?" என்று தயங்கினாள். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படும் தாய் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது இருப்பாள், அவளுக்கு இந்தக் கதை வேண்டும். அதற்கு மேல் சொந்தக் கதை வேண்டாம். "யாரு வீட்டுப் பொண்ணு நீ?" என்று கிராமத்தில் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா! ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தபடி அடுத்த பேச்சுக்குப் போய்விடு என்றேன்.

'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்' என்பதை நானே பேனாவால் அடித்தேன். காப்பாற்ற முடியாத வாக்கு அது. ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கூப்பிட்டு, இவள் எடுக்கவில்லை என்றால், 'பேச்சுதான் பெரிசு' என்று ஊர் முழுக்கப் பரவும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு என்று வரையறுத்தோம். போன் இல்லாதவர்கள் பள்ளி விட்டதும் வாசலில் பார்க்கலாம்.

நாலு பக்கம் ஒரு பக்கமாயிற்று. ஒரு தடவை என் எதிரில் நின்று பேசிக் காட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம். கிட்டத்தட்ட இப்படித்தான் கூட்டத்தில் பேசினாள்:

"வணக்கம். உட்காருங்க, பாட்டி, நீங்க நாற்காலியில் உட்காருங்க. நான் இந்த வருஷம் ஒண்ணு, ரெண்டு, மூணு வகுப்புகளுக்கு டீச்சர். ஆசிரியர் பயிற்சி முடிச்சு, தகுதித் தேர்வு எழுதி வந்திருக்கேன். நானும் இதே மாதிரி ஒன்றியப் பள்ளியில் படிச்சவதான். ஒண்ணாவதில் மூணு மாசம் நான் பேசவே இல்லை. டீச்சர் என்னைக் கட்டாயப்படுத்தலை, பக்கத்தில் உட்கார வச்சு மத்தவங்க பாடுறதைக் கேட்க வச்சாங்க. அப்புறம் ஒரு நாள் நானாப் பாடினேன். அதனால உங்க பிள்ளை இப்போ பேசலைன்னா நான் அவசரப்படுத்த மாட்டேன்.

"ஒண்ணாவது நோட்டில் முதல்ல அ, ஆ இருக்காது. ட, ப, ம இருக்கும். கோடு போடத் தெரிஞ்ச விரலுக்கு அதுதான் சுலபம். கொஞ்ச நாளில் உங்க பிள்ளை 'படம்'னு எழுதிக் காட்டும். அ, ஆ பின்னாடி வரும். அதுவரைக்கும் வீட்டில் கையைப் பிடிச்சு எழுத வைக்காதீங்க.

"மூணாவது பிள்ளைங்க ஒண்ணாவது சேர்ந்தப்போ பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது, உங்களுக்கே தெரியும். நவம்பரில்தான் திறந்தாங்க. விட்டுப்போன அந்த மாசங்களை இப்ப நான் சொல்லித் தரணும். சில பேரை அரும்பு, மொட்டுன்னு உட்கார வச்சிருக்கிறது அதுக்குத்தான். மூணாவதுன்னா மூணாவதுதான், வருகைப் பதிவேட்டில் பேர் அங்கேதான் இருக்கு. எழுத்து வந்ததும் அடுத்த நிலைக்கு மாத்திடுவேன். யார் எங்கே இருக்காங்கன்னு இங்கே சொல்ல மாட்டேன், தனியா வாங்க, நோட்டையே காட்டுறேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. ராத்திரி பத்து நிமிஷம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்னிக்கு டீச்சர் என்ன கதை சொன்னாங்க'ன்னு கேளுங்க. அது போதும். எங்கிட்டப் பேசணும்னா சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் கூப்பிடுங்க. இப்ப நீங்க ஒரு உதவி செய்யணும். வீட்டில் பிள்ளையை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க, எதுக்குப் பயப்படும், இந்த ரெண்டை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அந்தக் கடைசிக் கேள்வி அவளுடைய சொந்த யோசனை. எனக்குத் தோன்றவே இல்லை. பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் குட்டி, அம்மு, தம்பி என்று வேறொன்று இருக்கும். பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காது, அது தன் பெயர் என்றே அதற்குத் தெரியாது. இவள்கூட ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டிருக்கிறாள்! பேச ஆரம்பித்த தாய்மார்கள் நிறுத்தவில்லையாம். ஒரு பிள்ளைக்கு இருட்டான கழிப்பறை பயம், ஒன்றுக்குப் பிரம்பைக் கண்டாலே காய்ச்சல். ஏழு நிமிஷம் பேசியவள், முக்கால் மணி கேட்டாள்.

நடுவில் அந்தப் பாட்டி, "அது சரிம்மா, 'அ' எப்பத்தான் வரும்?" என்று விடாமல் கேட்டிருக்கிறார். இவள் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'ட' போட்டு, பாட்டி கையிலேயே சாக்பீஸைக் கொடுத்து, ஓரத்தில் ஒரு கோட்டை மேலே இழுக்கச் சொன்னாள். இழுத்தார். "இது 'ப' பாட்டி" என்றாள். அதுவரை எழுத்தே எழுதாத கை அது. கூட்டம் முழுக்கச் சிரிப்பு, பாட்டிக்கு வெட்கம். அதற்குப் பிறகு அ, ஆ பற்றி யாரும் கேட்கவில்லை.

டி.சி. கேட்ட தாய் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் போன பிறகு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "எங்க பையன் பாடத்தைக் கடகடன்னு சொல்றானே டீச்சர், எழுத்து தெரியலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள். இவள் பையனைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். வரி முழுக்க மூச்சு விடாமல் ஒப்பித்தான். பிறகு அதே வரியின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விரலால் காட்டி, முன்னும் பின்னும் கையால் மறைத்தாள். பையன் விழித்தான். மனதில் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, அந்த இடத்துக்கு வந்ததும்தான் சொன்னான். பாட்டு மாதிரி மனப்பாடம், படிப்பு இல்லை. (உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டுமானால் இப்படிப் பார்த்துக்கொள்ளலாம். தினம் தினம் பார்த்து அழ வைக்காதீர்கள், மாதம் ஒரு தடவை போதும்.)

அந்தத் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கூலிக்குப் போயிட்டேன், பார்க்காம விட்டுட்டேன்" என்றாள். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பள்ளிக்கூடமே இல்லையே அப்ப" என்று இவள் சொன்னது அவளைக் கொஞ்சம் நிமிர வைத்தது போலிருக்கிறது. "அரையாண்டு வரைக்கும் பார்க்கிறேன். அப்பவும் இப்படியே இருந்தா டி.சி. கொடுத்துடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். போக வேண்டியதுதானே, அவள் பிள்ளை.

பொங்கலுக்கு வந்தபோது முதல் காரியமாக அந்தப் பையனைப் பற்றித்தான் கேட்டேன். தீபாவளிக்குள் மொட்டுக்கு வந்துவிட்டான். அரையாண்டில், பார்த்தே இராத நாலு வரியை எழுத்துக் கூட்டித் தானாகப் படித்தான். கூட்டெழுத்து வந்தால் இன்னும் தடுமாற்றம்தான். மலருக்கு அந்த வருஷம் முழுக்க வரவில்லை, நான்காம் வகுப்புக்கு அப்படியேதான் போனான். தலைமை ஆசிரியரிடம் அவன் நோட்டைக் கொடுத்து, எது வரும், எது வராது என்று எழுதியும் கொடுத்திருக்கிறாள். டி.சி. பேச்சு மறுபடி வரவில்லை.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு அவள் என்னிடம் வரவில்லை, தானே எழுதிக்கொண்டாள். போனில் படித்துக் காட்டினாள். எல்லாம் பழையபடிதான், ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. ஐந்து முதல் ஆறு என்றிருந்த நேரத்தை ஏழு முதல் ஏழரை என்று ஆக்கியிருந்தாள். "அஞ்சு மணிக்கு ஒருத்தரும் கூப்பிடலை பெரியம்மா. அப்பத்தான் குழாயில் தண்ணி வர்ற நேரமாம்" என்றாள்.